வாயோரத் தேன் பொருக்கும் ஐந்து நாள் களிம்பும்

சளி பிடித்த பிள்ளை புறங்கையால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே தோலைச் சிவக்க வைத்திருக்கும். ஒருநாள் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அது நீர் கோத்த கொப்புளமாகி, வீட்டில் யாரும் கவனிப்பதற்குள் உடைந்தும்விடும். கசிந்த நீர் காய்ந்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும். இரண்டு மூன்று நாளில் வாயோரத்தில் ஒன்று, முகவாயில் ஒன்று என்று பரவும்போதுதான் பேச்சு கிளம்பும். பாட்டி 'அக்கி' என்பார். பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கும் என்பார். மருத்துவர் சீட்டில் எழுதுவது 'இம்பெடிகோ'.

இது பாக்டீரியாவால் வரும் தொற்று. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் என்ற இரண்டு கிருமிகளில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோ இதைக் கிளப்பும். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. பலருடைய மூக்குத் துவாரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். மூக்கைத் தேய்த்ததில் தோல் உரசிப்போனால், ஒரு கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்கினால், அதற்கு வழி கிடைத்துவிடும்.

புண் பார்க்கக் கோரமாக இருந்தாலும் ஆழம் மிகக் குறைவு. தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். அந்த அடுக்கில் ரத்தக்குழாய்களே கிடையாது. முகத்தில் வடு விழாமல் ஆறுவதற்கும், வாய்வழி மருந்து இல்லாமல் மேலே தடவும் களிம்பே போதுமாவதற்கும் காரணம் இதுதான். ஆறிய இடம் சில வாரங்கள் வெளுத்தோ கறுத்தோ தெரியும். பிறகு பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

அக்கி என்று நினைத்துக் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிவரும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. அக்கி என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ் வகைகளால் வரும் கொப்புளம். அதில் எரிச்சலும் வலியும் முந்திக்கொள்ளும். சிறு கொப்புளங்கள் கொத்தாக ஒரே இடத்தில் நிற்கும். இம்பெடிகோவில் வலி அவ்வளவாக இருக்காது. கொஞ்சம் அரிக்கும், விரல் போன இடத்துக்கெல்லாம் புதுப் புண் போகும். எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் பல பிள்ளைகளுக்கு இது தானாகவே ஆறிவிடும் என்பதால், காவி எழுதியவருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் தங்கைக்கும் பால்வாடியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் அது தொற்றியிருக்கும்.

புறநோயாளர் பிரிவுக்கு வருகிற ஒரு வழக்கமான நிலையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பையன். மூக்கின் கீழே ஒன்று, வாயோரத்தில் ஒன்று, முகவாயில் ஒன்று என மூன்று பொருக்குகள். காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறான். அம்மா மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் பவுடர் வாங்கி நான்கு நாளாகத் தூவிவருகிறார். பொருக்கு தடித்ததே தவிரக் குறையவில்லை. பவுடரும் நீரும் கலந்து மேலே இன்னொரு அடுக்காக இறுகிவிட்டன. கிருமியோ அதன் அடியில் ஈரத்தோடு சுகமாக இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கொசுமருந்து அடித்த கதைதான். பவுடருக்குப் பதில் விலையுயர்ந்த களிம்பையே வாங்கிப் பொருக்கின் மேல் தடவியிருந்தாலும் பெரிதாக வித்தியாசம் இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை பொருக்கை இளக்குவது. "பிய்க்காதீங்கம்மா, ஊறவைங்க" என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் புண்ணின் மேல் ஒற்றிவைக்க வேண்டும். பொருக்கு மெத்தென்று ஆனதும் லேசாகத் துடைத்தால் தானாக வரும் பகுதி வரட்டும். ஒட்டிக்கொண்டிருப்பதை இழுக்க வேண்டாம். இழுத்தால் ரத்தம் கசியும், புதுப் பொருக்கு கட்டும். அடியில் சிவந்து பளபளக்கும் ஈரமான தோல் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்தாயிற்று. அதை ஒற்றி உலர்த்திவிட்டுத்தான் களிம்பு.

மருத்துவர்கள் அதிகம் எழுதுவது மியூபிரோசின் 2 சதவீதக் களிம்பு அல்லது ஃபியூசிடிக் அமிலம் 2 சதவீத கிரீம். முதலாவது சூடோமோனாஸ் ஃப்ளோரெசன்ஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்தும், இரண்டாவது ஒரு பூஞ்சையிடமிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரு கிருமி சுரப்பதை வைத்து இன்னொரு கிருமியை அடக்கும் பழைய உத்திதான். புண் சில இடங்களில் மட்டும் இருந்தால் இந்த இரண்டுமே விழுங்கும் ஆண்டிபயாட்டிக்குக்குக் குறையாமல் வேலை செய்கின்றன என்பது 68 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட தொகுப்பின் முடிவு. பிரிட்டனில் இன்னும் ஒரு படி முன்னதாகவே தொடங்குகிறார்கள். ஓரிரண்டு இடத்துப் புண்ணோடு பிள்ளை தெம்பாக இருந்தால் முதலில் 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பரிசீலிக்கச் சொல்கிறது 2020-இல் வந்த அந்நாட்டு வழிகாட்டி. ஆண்டிபயாட்டிக்கை வீணாக்கக் கூடாது என்பது அதன் கணக்கு.

மேலே சொன்ன பையனுக்கு மியூபிரோசின் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு புண்ணுக்குப் பச்சைப்பயறு அளவு எடுத்து, புண்ணிலும் சுற்றி ஒரு சின்ன ஓரத்திலும் மெல்லிய படலமாகப் பூசினால் போதும். அப்பிவைப்பதால் சீக்கிரம் ஆறாது. நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை என்று சீட்டில் இருக்கும். பெரும்பாலும் ஐந்து நாள். முடித்ததும் மறுபடி கை கழுவ வேண்டும்.

வாயோரம் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. பையன் நாக்கால் நக்கிவிடுவான். சாப்பாட்டுக்கு முன்னால் தடவிப் பயனில்லை. சாப்பிட்டு வாய் கழுவிய பிறகு ஒரு வேளை, தூங்கிய பிறகு ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் மருந்து தோலில் தங்கும். உதட்டின் உள்பக்கம், கண்ணோரம், மூக்குத் துவாரத்துக்குள் அதைப் போடக் கூடாது. சாதாரண மியூபிரோசின் களிம்பின் அடிப்பொருள் பாலிஎத்திலீன் கிளைகால். அது மூக்கின் ஈரச்சவ்வில் எரியும். மூக்குக்குள் போட வேறு அடிப்பொருளில் செய்த தனித் தயாரிப்பு இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவரே எழுதுவார்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஓரத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் புண் அகலமாவது நிற்கும், துடைத்த இடத்தில் புதிதாக மஞ்சள் நீர் ஊறாது, ஈரம் வற்றும். மூன்று முதல் ஐந்து நாளில் இதெல்லாம் நடக்கவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும். மருந்துக்கு மசியாத கிருமியாக இருக்கலாம், நோயே வேறாகவும் இருக்கலாம். அப்போது புண்ணின் ஈரத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

மருந்துக்கடையில் 'புண்ணுக்கு ஒரு கிரீம்' என்று கேட்டு வாங்குவதில்தான் பெரிய ஆபத்து. நம் ஊரில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த கிரீம்கள் தாராளமாகக் கைமாறுகின்றன. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் முதலில் தணிக்கும். குணமாகிறது என்ற தோற்றம் தரும். ஆனால் தோலின் எதிர்ப்பைக் குறைத்துத் தொற்று பரவ இடம் கொடுக்கும்.

ஐந்து நாள் கணக்குக்குப் பின்னால் ஒரு நாட்டின் அனுபவமே இருக்கிறது. நியூசிலாந்தில் 1991 முதல் மியூபிரோசினைச் சீட்டில்லாமல் கடையில் வாங்க முடிந்தது. சிராய்ப்பு, கொப்புளம் என்று எல்லாவற்றுக்கும் மக்கள் அதைத் தடவினார்கள். அந்தப் பத்தாண்டுக்குள் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் அங்கே வெகுவாகப் பெருகிவிட்டது. 2000-இல் மறுபடி சீட்டு கட்டாயமானது. பிறகு ஃபியூசிடிக் அமிலத்தின் பயன்பாடு ஏறியது. அதற்கும் எதிர்ப்பு ஏறியது. பாதி தீர்ந்த டியூபைப் பத்திரப்படுத்தி அடுத்த கொசுக்கடிக்குப் போடுவது இதே வேலையின் வீட்டு வடிவம்.

களிம்பு போதாத நிலைகளும் உண்டு. முகத்தோடு கை, கால், முதுகு என்று பல இடங்களில் புண், பெரிய நீர்க்கொப்புளங்கள், காய்ச்சல், கைக்குழந்தை, வீட்டில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் தொற்று: இவற்றில் எது இருந்தாலும் வாய்வழி ஆண்டிபயாட்டிக் தேவைப்படும், வழக்கமாக ஏழு நாள். எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிள்ளையின் எடையை வைத்து மருத்துவர் தீர்மானிப்பார்.

திரும்பத் திரும்ப வருகிற பிள்ளையிடம் வேறொன்றைத் தேட வேண்டும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் ராத்திரியானால் அரிப்பு இருக்கிறதா? அப்படியானால் அடியில் இருப்பது சொறி; அதை உண்டாக்கும் நுண்ணுண்ணி. தலையில் பேன் இருந்தாலும் சொறிந்த பிடரியில் இதே பொருக்கு வரும். ஃபிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு தீவுப் பகுதியில் எல்லோருக்கும் சொறிக்கான ஐவர்மெக்டின் மாத்திரையைக் கொடுத்தார்கள். ஓராண்டில் சொறி 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு வந்தது. ஊருக்கெல்லாம் ஆண்டிபயாட்டிக் எதுவும் தராமலே, இம்பெடிகோவும் 25 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. சொறிவதற்குக் காரணம் போனதும் கிருமிக்கு வாசல் அடைபட்டுவிட்டது.

வீட்டில் பிள்ளைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை, ஒட்ட வெட்டிய நகம். அவ்வளவுதான், தட்டு, டம்ளரைத் தனியே ஒதுக்கிப் பிள்ளையை நோகடிக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபடும். பிரிட்டனில் மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது புண்கள் காய்ந்து பொருக்கு கட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

புண் ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சில வகைகள் போன பின்னும் உடலின் எதிர்வினை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அரிதாகத்தான் நடக்கும், தோல் தொற்றுக்குப் பிறகு சுமார் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும். களிம்பைச் சரியாகப் போட்டிருந்தாலும் இது வராது என்று உறுதி சொல்ல முடியாது. காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீக்கம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர், சிறுநீரின் அளவு குறைவது என்று எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள், பிள்ளையின் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு வாயோரத்தில் பொருக்கு இருந்தது என்பதைப் பெற்றவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவர் அதைச் சிறுநீரகத்தோடு சேர்த்துப் பார்ப்பதற்கு அந்தத் தகவல்தான் வழி.