ஒரு டிக்கெட், இரண்டு கட்டணம்

அம்மாவுக்காக வாங்கிய டிக்கெட் அது. கோலாலம்பூரில் ஒரு மூத்த பின்னணிப் பாடகரின் இசை நிகழ்ச்சி. தம் தோழிகளோடு போக ஆசைப்பட்டார். ஞாயிறு இரவு 9.12-க்கு இணையத்தில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, எஃப்பிஎக்ஸ் வழியாக 192 ரிங்கிட் கட்டினேன். டிக்கெட் 188, சேவைக் கட்டணம் 4.

வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்ததும் திரை வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு "பரிவர்த்தனை நிறைவேறவில்லை" என்றது. சரியென்று 9.19-க்கு மறுபடி கட்டினேன். இம்முறை டிக்கெட் மின்னஞ்சலில் வந்தது. மறுநாள் காலை கணக்கைப் பார்த்தால் 192 ரிங்கிட் இரண்டு முறை போயிருந்தது.

கோபத்தில் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். "என் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று மூன்று இடத்தில் கேட்டிருப்பேன். இரண்டு நாளில் பதில் வந்தது: "விற்ற டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது."

அம்மா பயந்துவிட்டார். "விட்டுடுப்பா. பிரச்சினை பண்ணினா அந்த டிக்கெட்டையும் ரத்து பண்ணிடுவாங்க."

வங்கியை அழைத்தேன். பணம் விற்பனையாளர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. கடன்பற்று அட்டையாக இருந்தால் கதை வேறு. அங்கே இரண்டாவது தொகை சில சமயம் வெறுமனே 'நிலுவை' என்று நிற்கும், சில நாளில் தானே மறையும். மறையாவிட்டால் வங்கி மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எஃப்பிஎக்ஸில் பணம் கணக்கிலிருந்து நேராகப் போய்விடுகிறது.

அந்த அதிகாரிதான் விஷயத்தை விளக்கினார். வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. ஆனால் கழித்த செய்தி விற்பனைத் தளத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. தளம் 'பணம் வரவில்லை' என்று முதல் பதிவை மூடிவிட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எஃப்பிஎக்ஸ் பரிவர்த்தனை எண் உண்டு. அதை வங்கி ரசீதில் பார்க்கலாம். டிக்கெட் தந்த முயற்சிக்கு ஓர் எண், டிக்கெட் தராத முயற்சிக்கு வேறோர் எண்.

அப்போதுதான் என் தவறு புரிந்தது. நான் கேட்டது டிக்கெட் பணத்தை; அதற்கு அவர்கள் விதி தடை. நான் கேட்டிருக்க வேண்டியது, எந்த டிக்கெட்டுக்கும் சேராத ஒரு தொகையை. இரண்டாவது கடிதத்தை மலாயில் எழுதினேன். தமிழில் இதுதான்:

"ஐயா/அம்மையார், நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. என் தாயார் நிகழ்ச்சிக்கு வருகிறார். அவருடைய டிக்கெட்டுக்கான 192 ரிங்கிட் இரவு 9.19-க்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் 9.12-க்கு இன்னொரு 192 ரிங்கிட் என் கணக்கிலிருந்து போயிருக்கிறது. அதற்கு எனக்கு டிக்கெட் எதுவும் தரப்படவில்லை. இரு பரிவர்த்தனை எண்களும், வங்கிக் கணக்கறிக்கையும், டிக்கெட் மின்னஞ்சலும் இணைப்பில் உள்ளன. 9.12-க்குப் போன 192 ரிங்கிட்டை முழுமையாக 14 நாளுக்குள் அதே கணக்கில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்வேன்."

கணக்கறிக்கையில் அந்த இரண்டு வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் அனுப்பினேன். என் சம்பளமும் வீட்டுத் தவணையும் அவர்களுக்கு எதற்கு?

கடைசி வரி வெறும் மிரட்டல் இல்லை. நடுவர் மன்றத்தில் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். பாரம் 1-ஐ நிரப்பினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. அந்தப் பாரத்தைப் பாதி நிரப்பியும் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். 9.12 எண்ணை வைத்துத் தேடியதும் பணம் அகப்பட்டதாம். முதல் கடிதத்தில் எண் இல்லாததால் தேட முடியவில்லை என்றார். நியாயம்தான். அம்மாவின் இருக்கைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "அது வேற பதிவு அண்ணா, யாரும் தொட மாட்டாங்க" என்றார். அதை அம்மாவிடம் சொல்லி நம்ப வைக்க ஒரு மாலை முழுக்கப் பிடித்தது.

ஒன்பதாம் நாள் பணம் வந்தது. 188 ரிங்கிட்.

சேவைக் கட்டணம் 4 ரிங்கிட்டைப் பிடித்துவிட்டார்கள். டிக்கெட்டே தராத முயற்சிக்கு என்ன சேவை? "நாலு வெள்ளிக்கா இன்னொரு கடிதம்?" என்று மனைவி சிரித்தார். எழுதினேன், இரண்டே வரி. 'முழுமையாக 192' என்று முன்பே கேட்டிருந்ததால் அந்தக் கடிதத்தையே மறுபடி இணைத்தேன்.

நிகழ்ச்சி நாள் காலையில் அந்த 4 ரிங்கிட்டும் கணக்கில் ஏறியது. அம்மா அப்போது சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கைப்பையில் டிக்கெட்டை அச்செடுத்து இரண்டு பிரதி வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.