மஞ்சளித்த நரை வெள்ளியாவது எப்படி?

ஒளிப்படத்தில் முதியவரின் நரைமுடி மஞ்சளாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, முடியே மஞ்சளித்திருப்பது. நிறமி இல்லாத முடி தன்மேல் படுவதை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பீடி சிகரெட்டுப் புகை, பல ஆண்டு வெயில் என எல்லாமே அதில் மெல்லிய மஞ்சளை ஏற்றும். மற்றொன்று, படம் எடுத்த இடத்தின் வெளிச்சம். குண்டு பல்பின் ஒளியும் அதேபோன்ற மஞ்சள் எல்இடி விளக்கின் ஒளியும் சுமார் 2,700 முதல் 3,000 கெல்வின் வரை இருக்கும். பகல் ஒளியோ ஏறக்குறைய 5,500 கெல்வின். கருமுடியில் இந்த வேறுபாடு தெரியாது. வெண்முடியில் உடனே தெரியும்.

எது காரணம் என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு. வெளிச்சம்தான் காரணம் என்றால் முகம், சுவர், சட்டை எல்லாமே ஒருசேர மஞ்சளாக இருக்கும். படம் முழுவதற்கும் வெண்மைச் சமநிலையைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. முடி மட்டும் மஞ்சளாக இருந்தால் படம் முழுவதையும் தொடக் கூடாது. முடியின் மஞ்சளைப் போக்குவதற்காகப் படத்துக்கே நீலம் ஏற்றினால் முகம் வெளிறி, நோயாளியின் களை வந்துவிடும்.

வெண்மைச் சமநிலையைப் பார்க்கும்போது பலரும் முதியவரின் வெள்ளைச் சட்டையையோ வேட்டியையோ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இது ஏமாற்றும். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது வழக்கம். சலவைத்தூளிலும் துணியைப் பளிச்சென்று காட்டும் பொருள் கலந்திருக்கும். அதனால் அந்த வெள்ளையில் சிறிது நீலம் இருக்கிறது. அதையே தூய வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டினால், அந்த நீலத்தை அடக்குவதற்காக அது படம் முழுவதற்கும் மஞ்சள் ஏற்றும். முடி முன்பைவிட மோசமாகும். படம் எடுக்கும்போதே முகத்தின் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்துத் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதே நம்பகமான வழி. கேமராவில் ரா வடிவத்தில் எடுத்திருந்தால் இந்தத் திருத்தத்தைப் பிறகு தாராளமாகச் செய்யலாம்.

எண்பதாம் ஆண்டு நிறைவுக்காக எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவருக்கு ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் பல்பு. அட்டையை வைத்துச் சமநிலையைச் சரிசெய்த பிறகும் பல்புப் பக்கத்து முடி மஞ்சளாகவே நிற்கிறது. ஒரே படத்தில் இரண்டு வகை வெளிச்சம் இருந்தால் ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. ஃபோட்டோஷாப்பில் அந்த முடியின்மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால் சிவப்பு 220, பச்சை 210, நீலம் 180 என்று காட்டுகிறது. நிறமற்ற சாம்பலில் மூன்றும் சமமாக இருக்கும். இங்கே நீலம் மட்டும் பின்தங்கியிருக்கிறது. நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவது இந்தக் குறைதான்.

இதைச் சரிசெய்ய Hue/Saturation என்ற திருத்த அடுக்கைச் சேர்த்து, அதில் Yellows என்பதைத் தேர்ந்து, Saturation அளவை −80 வரை இறக்கலாம். ஆனால் இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, நம் தோலின் நிறமும் மஞ்சள் வரம்பை ஒட்டியே இருக்கிறது. அடுக்கு முகத்தின்மேலும் படிந்தால் நெற்றி மண்ணின் நிறத்துக்குப் போய்விடும். ஆகவே அடுக்குக்கு ஒரு முகமூடி போட்டு, முடி இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான தூரிகையால் திறக்க வேண்டும். முடி நெற்றியோடு சேரும் ஓரத்தில் தூரிகையின் அழுத்தத்தைக் குறைத்துத் தீட்டினால் கோடு விழாது. இரண்டாவது பள்ளம் அவ்வளவாகக் கண்ணில் படாதது. இந்தக் கருவி நிறத்தை எடுக்கும்போது வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். மேலே சொன்ன புள்ளி 204, 202, 196 என்று ஆகும். மஞ்சள் போயிருக்கும், ஆனால் முடி மங்கிச் சாம்பல் பூசியதுபோல் கிடக்கும். அடுக்கின் கலப்பு முறையை Color என்று மாற்றினால் பழைய வெளிச்சம் திரும்பும். அளவுகள் ஏறக்குறைய 212, 210, 204 என்று நிற்கும்.

நீலம் இன்னும் சற்றுக் குறைவாகத்தானே இருக்கிறது என்று தோன்றலாம். அதை அப்படியே விடுவது நல்லது. உண்மையான நரைமுடியில் அருகிலுள்ள தோல், சட்டை, சுவர் ஆகியவற்றின் சாயல் எப்போதும் கொஞ்சம் இருக்கும். மூன்று எண்களையும் முற்றிலும் சமமாக்கினால் வண்ண முகத்தின்மேல் கருப்பு வெள்ளைப் படத்துத் தலையை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். வெள்ளி வேண்டும் என்று நீலத்தைக் கூடுதலாக ஏற்றுவது இன்னும் மோசம். ஸ்டுடியோக்களில் இது அடிக்கடி நடக்கிறது. தாத்தாவின் தலை ஊதா கலந்து வரும் படங்களை வீட்டுச் சுவர்களில் பார்க்கலாம்.

வெள்ளி என்று நாம் உணர்வது நிறத்தால் மட்டும் வருவதில்லை. வெள்ளிக் குத்துவிளக்கு மின்னுவதற்குக் காரணம் அதில் மிகப் பிரகாசமான கோடுகளும் கரிய பகுதிகளும் அடுத்தடுத்து இருப்பதுதான். முடிக்கும் அதே கணக்கு. மஞ்சளை நீக்கிய பின் அதே முகமூடியோடு ஒரு Curves அடுக்கைச் சேர்த்து, வெளிச்சமான இழைகளைச் சிறிது உயர்த்தி, இழைகளுக்கு இடையிலுள்ள நிழலைச் சிறிது தாழ்த்த வேண்டும். இழைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்போதே சாம்பல் வெள்ளியாக மாறிவிடுகிறது. உண்மையில் படத்தை மாற்றிக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான்.

தலையைத் திருத்திவிட்டு மீசை, தாடி, புருவத்தை மறந்துவிடுவதும் சாதாரணமாக நடக்கும் தவறு. புகைக்கும் பழக்கம் உள்ளவரின் மீசையில் மஞ்சள் தலையைவிட அழுத்தமாக இருக்கும் என்பதால் அதற்குத் தனி அடுக்கே தேவைப்படும். காதோரம் பறக்கும் ஒற்றை இழைகளை முகமூடியில் சேர்க்காவிட்டால் வெள்ளித் தலையைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று நிற்கும்.

சில படங்களில் இவை எதுவும் பலிக்காது. வெளிச்சம் மிகுந்து, சிவப்பும் பச்சையும் 255-ஐத் தொட்டுவிட்ட இடத்தில் இழையின் விவரமே பதிவாகியிருக்காது. மஞ்சளை எடுத்தால் சுண்ணாம்புத் திட்டுதான் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் வந்த படத்திலும் சிக்கல் உண்டு. கோப்பைச் சுருக்கும்போது நிற விவரம் முதலில் குறைக்கப்படுவதால் மஞ்சள் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும், இழை இழையாகப் பிரிக்க முடியாது. அத்தகைய படத்தில் முடியின் மஞ்சளைப் பாதியளவு மட்டும் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல். அல்லது படத்தை முழுக்கக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிடலாம்.

வேலையைத் தொடங்குமுன் கணினித் திரையின் இரவு ஒளி வசதியை நிறுத்திவிட வேண்டும். அது திரையையே மஞ்சளாக்குவதால் சரியான முடியும் தவறாகத் தோன்றும். பெரிய அளவில் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் தலைப் பகுதியை மட்டும் சிறிய அளவில் ஒரு பிரதி எடுத்து, கடையின் விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.