மூன்று சதவீதத்தில் நின்றவர்கள்

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 401(கே) திட்டம் என்று பெயர். நம் ஊர் பி.எஃப். போல அது சட்டம் போட்டுப் பிடிக்கிற பணம் அல்ல. முன்பெல்லாம் பெரும்பாலான நிறுவனங்களில் சம்பளத்தில் இத்தனை சதவீதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர் படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் பிடிப்பார்கள். அப்படிக் கொடுக்காமலே வருடக்கணக்கில் இருந்துவிட்டவர்கள் ஏராளம். சேமிக்கக் கூடாது என்று அவர்கள் முடிவெடுத்ததில்லை. எத்தனை சதவீதம், எந்த ஃபண்ட் என்று யோசிக்க வேண்டியிருந்ததால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

1998 ஏப்ரலில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோரும் தாமாகவே திட்டத்தில் சேர்க்கப்படுவார்கள். வேண்டாம் என்பவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். எதுவும் சொல்லாதவருக்குச் சம்பளத்தில் 3 சதவீதம் பிடிக்கப்பட்டு, ஆபத்தும் வருமானமும் குறைவான மணி மார்க்கெட் ஃபண்டில் போகும். நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக வந்து நிற்கும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைத்தான் டீஃபால்ட் என்கிறோம்.

பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டில் வேலைக்கு வந்தவர்களில் 1999-ன் நடுவில் திட்டத்தில் இருந்தது 49 சதவீதம். அவர்களுக்குப் பிறகு வந்த புதியவர்களிலோ 86 சதவீதம். இளைஞர்களிடமும் குறைந்த சம்பளக்காரர்களிடமும் உயர்வு இன்னும் அதிகம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காமல் வந்த மாற்றம் இது.

டீஃபால்ட்டைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வின் அடுத்த பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திட்டத்தில் இருந்த புதியவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அந்த 3 சதவீதத்திலேயே நின்றுவிட்டார்கள். முன்பு தாமே படிவம் கொடுத்துச் சேர்ந்தவர்களில் 3 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தவர் எட்டில் ஒருவர்தான். அவர்களில் நிறையப் பேர் 6 சதவீதமோ அதற்கு மேலோ போட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஓராண்டு பணி முடித்த ஊழியர் சம்பளத்தில் 6 சதவீதம் வரை போடும் ஒவ்வொரு டாலருக்கும் நிறுவனம் அரை டாலர் சேர்த்துப் போட்டது.

மாதம் 3,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதம் போடுகிறவர் கையிலிருந்து 180 டாலர் போகிறது, நிறுவனம் 90 டாலர் தருகிறது. 3 சதவீதத்தில் நிற்பவர் போடுவது 90, அவருக்குக் கிடைப்பது 45. மாதாமாதம் நிறுவனம் தரத் தயாராக இருக்கும் 45 டாலரை அவர் வாங்காமல் விடுகிறார். தாமாக முடிவெடுத்திருந்தால் 6 சதவீதம் போட்டிருக்கக்கூடிய சிலரையும் டீஃபால்ட் கீழே இழுத்துவிட்டது. சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. கம்பெனியே 3 என்று வைத்திருக்கிறது, விவரம் தெரிந்துதான் வைத்திருப்பார்கள் என்று அதை ஓர் ஆலோசனையாகவே ஊழியர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதற்கு ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு வழி சொன்னார்கள். இன்றைக்கு அதிகம் சேமியுங்கள் என்று கேட்காமல், அடுத்த சம்பள உயர்வு வரும்போது பிடித்தத்தையும் உயர்த்தச் சம்மதமா என்று கேட்டார்கள். கைக்கு வரும் பணம் குறைவதில்லை என்பதால் வலி தெரியாது. ஒருமுறை சம்மதித்துவிட்டால் ஒவ்வொரு உயர்வின்போதும் அது தானாக ஏறும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் இதை நடத்திப் பார்த்தபோது, சேர்ந்தவர்களின் சேமிப்பு நான்கு சம்பள உயர்வுகளுக்குள் சராசரியாக 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. முதல் திட்டத்தில் ஆளை 3-ல் நிறுத்தி வைத்த அதே அசையாமை, இங்கே அவரை மேலே கொண்டுபோனது.

ஆகவே ஒரு டீஃபால்ட் நல்லதா என்று பார்க்க, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. சேர்ந்தவர்கள் எந்த அளவில் நிற்கிறார்கள், ஓராண்டு கழித்தும் அங்கேயே நிற்கிறார்களா, விலக நினைப்பவர் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2012-ல் தொடங்கிய தானியங்கி ஓய்வூதியச் சேர்க்கையில், சேர்க்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைத்துவிடும். விலகியவரை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி சேர்த்துக் கேட்கிறார்கள். பிடித்தத்தையும் படிப்படியாக ஏற்றி, 2019-ல் முதலாளி பங்கு, வரிச்சலுகை எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யிலும் தேலர் சொன்ன வழி டாப்-அப் என்ற பெயரில் இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை ரூபாய் கூட்டிப் பிடியுங்கள் என்று தொடங்கும்போதே சொல்லிவைக்கலாம். ஆனால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குத் தொடங்கிய தொகையே கடைசி வரை போய்க்கொண்டிருக்கும்.