பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

ஓட்டல் மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் திறக்கிறது. அதில் நெய் ரோஸ்ட் 90 ரூபாய், பில்லில் 100 ரூபாய். ஒரு எண்ணை மாற்றவும் டிசைனரைத் தேடிப் போக வேண்டியிருப்பதால் பழைய விலையே கிடக்கிறது.

உணவுப் பட்டியலை கூகுள் ஷீட்டில் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். ஒரு பண்டத்துக்கு ஒரு வரி: பெயர், விலை, இருக்கிறதா, தீர்ந்ததா. ஷீட்டில் Publish to web கொடுத்து சிஎஸ்வி வடிவைத் தேர்ந்தெடுத்தால், மெனு பக்கம் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துக் காட்டும். கல்லாவில் இருப்பவரே போனில் திருத்திவிடலாம். திருத்தம் பக்கத்துக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே பொங்கல் அண்டா காலியாகும் முன்பே குறித்துவிடுவது நல்லது. வெளியிட்ட ஷீட்டை யாரும் பார்க்க முடியும் என்பதால் கொள்முதல் விலையை அதில் எழுதக் கூடாது.

உணவுக் குறியீடுகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். இட்லி சாம்பாரை எடுத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, புளி. எதிலும் கோதுமை இல்லை என்று நினைத்து 'குளூட்டன் இல்லை' என்று போட்டுவிடுவார்கள். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தச் சிறு அளவும் கெடுதல்தான்.

அதனால் குறியீட்டைப் பண்டத்துக்கு நேராகக் கையால் எழுதக் கூடாது. பண்டத்துக்கு நேராக அதில் சேரும் பொருள்களை மட்டும் எழுதி, எந்தப் பொருளில் கோதுமை, பால், கடலை இருக்கிறது என்பதை இன்னொரு தாளில் வைக்க வேண்டும். 'பெருங்காயம்: கோதுமை' என்று அங்கே ஒரு வரி எழுதினால் சாம்பார், ரசம், அவற்றோடு வரும் இட்லி எல்லாவற்றிலும் குறியீடு தானே மாறிவிடும். நாளை அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினாலும் திருத்த வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். பொருள்களை எழுதாமல் விட்ட பண்டத்துக்கு, 'கேட்டுத் தெரிந்துகொள்ளவும்' என்று வர வேண்டும்.

அப்போதும் ரவா தோசை வார்க்கும் கல்லிலேயே சாதா தோசையும் வார்த்தால், 'கோதுமை சேர்க்கவில்லை' என்று சொல்லலாமே தவிர, 'குளூட்டன் இல்லை' என்று உறுதி கொடுக்க முடியாது.

சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்பது பாக்கெட் உணவுக்கு FSSAI வகுத்த முறை. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் வடிவம் புரியும் என்பதால், மெனுவிலும் அதையே வைத்து, பக்கத்தில் 'சைவம்', 'அசைவம்' என்று எழுதிவிடலாம்.

ஆர்டர் லிங்க்கும் அதே வரியிலிருந்து உருவாகட்டும்:

```
"https://wa.me/91XXXXXXXXXX?text=" + encodeURIComponent(பெயர் + " ₹" + விலை)
```

X இருக்கும் இடத்தில் கடையின் வாட்ஸ்அப் எண் வரும். கூட்டல் குறியோ இடைவெளியோ கூடாது. `encodeURIComponent` இருந்தால் தமிழ்ப் பெயர் சிதையாமல் போய்ச் சேரும். வாடிக்கையாளர் எந்த விலையைப் பார்த்து ஆர்டர் கொடுத்தார் என்பது செய்தியிலேயே இருப்பதால் பில்லில் வாக்குவாதம் வராது. 'தீர்ந்தது' என்று குறித்த பண்டத்துக்கு லிங்க்கையும் சேர்த்து மறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் காலி அண்டாவுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.