செய்தி மூலப் பாதுகாப்பும் நிருபரின் கைபேசியும்

செய்தி மூலப் பாதுகாப்பு என்பது, நிருபருக்குத் தகவல் தந்தவர் யார் என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் காப்பதாகும். உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவரைப் பற்றிய செய்தியில் இது கடினமாகிறது. அவரைப் பற்றிய உள்விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து பேராகவே இருப்பர். அவர்களில் யார் பேசினார் என்று ஊகிப்பதும் எளிது. முன்பு குறிப்பேட்டை மறைத்தால் பெரும்பாலும் போதும். இன்று குறிப்பேடு, முகவரிப் புத்தகம், கடிதக்கட்டு, ஒளிப்படம் எல்லாம் கைபேசி என்ற ஒரே பொருளுக்குள் இருக்கின்றன.

சென்னை நிகழ்வு

2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். கோட்டூர்புரம் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் விவரங்களுடன் இணையத்தில் வெளியாகிவிட்டது. அவ்வாறு வெளியானது பெருந்தவறு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமும் ஆகும். சென்னை உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததை விசாரித்தபோது அக்குழு பத்திரிகையாளர் சிலரை அழைத்து, அவர்களுடைய கைபேசிகளைக் கைப்பற்றியது. பத்திரிகையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி. கே. இளந்திரையன் கைபேசிகளைத் திருப்பித் தருமாறு உத்தரவிட்டார்.

இந்த வழக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றிய செய்தியால் எழுந்ததன்று. ஆயினும் ஒரு செய்தியை வெளிப்படுத்துகிறது. விசாரணை ஓர் ஆவணத்தைப் பற்றியது. கைப்பற்றப்பட்டதோ முழுக் கைபேசி. அதில் தொடர்பே இல்லாத வேறு பல செய்திகளுக்கான மூலங்களும் இருந்திருக்கக்கூடும். நீதிமன்றம் கருவியைத் திருப்பித் தரச் சொல்லலாம். பார்க்கப்பட்டதைப் பார்க்கப்படாததாக ஆக்க முடியாது.

சட்டம் எதுவரை காக்கும்

1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், பிரிவு 15(2), மூலத்தைச் சொல்லுமாறு பத்திரிகையாளரை வற்புறுத்தக் கூடாது என்கிறது. பலர் இதைப் பொதுவான கேடயம் என்று எண்ணுகின்றனர். அது அந்த மன்றத்தின் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டுமே எழுதப்பட்ட விதியாகும். மூலப் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் பெகாசஸ் வழக்கின் உத்தரவில் குறிப்பிட்டது. அது வாதத்திற்குத் துணையாகும். ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, தகவல்தொடர்புக் கருவிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு கேட்கக் காவல்துறைக்கு வெளிப்படையாகவே இடம் தருகிறது.

இங்கே பலர் செய்யும் தவறு, அழைப்பாணை வந்த இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிப்பது. சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அது கிடைக்காமல் செய்யும் நோக்கத்துடன் அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 241இன்படி குற்றம். எனவே எது கைபேசியில் தங்க வேண்டும், எது தங்கக் கூடாது என்பது வழக்கு எதுவும் இல்லாத நாளிலேயே, அன்றாடப் பழக்கமாக முடிவாகியிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மயிலாப்பூரில் ஒரு நிருபர், அப்பகுதிப் பிரமுகர் ஒருவர் கோயில் நிலத்தை வளைத்துக் கட்டடம் எழுப்பியதை விசாரிக்கிறார் என்று கொள்வோம். தியாகராய நகர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் எழுத்தர் பதிவேட்டுப் பக்கங்களைத் தர முன்வருகிறார்.

முதல் ஆபத்து முதல் அழைப்பிலேயே இருக்கிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பில் பேசியது பதிவாகாவிட்டாலும், யார் யாரை எப்போது எத்தனை நிமிடம் அழைத்தார் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கும். இது கைபேசிக்கு வெளியே உள்ள பதிவு. கைபேசியை எவ்வளவு பூட்டினாலும் பயனில்லை. எனவே எண்ணைப் பகிராமல் பயனர்பெயரால் தொடர்புகொள்ள உதவும் சிக்னல் போன்ற செயலியில் முதல் பேச்சு தொடங்குவது நல்லது. செய்திகள் ஒரு வாரத்தில் தாமாக மறையும்படி முதல் நாளே அமைத்துவிட வேண்டும். நேரில் சந்திப்பதானால் இருவரும் கைபேசியை வீட்டிலோ அலுவலகத்திலோ விட்டுச் செல்லலாம். அடையாறில் ஒரே பகுதியில் இரண்டு கைபேசிகளும் ஒரு மணிநேரம் இருந்தது கோபுரப் பதிவில் தெரியவரும்.

அடுத்தது ஆவணம். எழுத்தர் தம் கைபேசியில் பக்கத்தைப் படம் எடுத்தால், எடுத்த நேரம், கைபேசியின் வகை, சில வேளை இடம்கூடப் படத்துக்குள் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இவ்விவரங்கள் நீங்கும். தெளிவாக வர வேண்டுமென்று கோப்பாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். அதைவிட முக்கியமானது, அந்த ஆவணத்தின் படத்தை அச்சில் வெளியிடாமல் இருப்பது. 2017இல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்பவர் ஒரு ரகசிய அறிக்கையை அச்சிட்டு ஊடகத்துக்கு அனுப்பினார். அதன் நகல் உண்மையா என்று கேட்பதற்காக அரசுத் தரப்பிடம் காட்டப்பட்டது. அதை அச்சிட்டவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று அலுவலகப் பதிவு காட்டியது. அவர்களில் அந்த ஊடகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் ஒருவரே. மறையாக்கம் எதையும் யாரும் உடைக்கவில்லை. தியாகராய நகர் எழுத்தருக்கும் இதே நிலைதான்: அந்தப் பதிவேட்டை அந்த மாதம் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இருவர் மட்டுமே என்றால், அதே விவரத்தை வில்லங்கச் சான்று போன்ற பொது ஆவணத்தில் தேடி எடுத்து, அதையே செய்தியில் காட்டுவதே வழி. அரசு இணையதளத்தில் கைபேசி எண்ணும் ஓடிபியும் கொடுத்துப் பார்த்தால் பார்த்தவர் பெயரும் அங்கே பதியும். அது நிருபரின் பெயராக இருக்கட்டும், எழுத்தருடையதாக வேண்டாம்.

குறிப்புகளில் எழுத்தரின் பெயர் வரக் கூடாது. "க" என்றோ "இரண்டாமவர்" என்றோ எழுதலாம். அக்குறி யாரைச் சுட்டுகிறது என்பது நிருபரின் நினைவில் மட்டும் இருப்பது மேல். தொடர்புப் பட்டியலில் "பிளம்பர் ரவி" என்று போட்டு வைப்பது பழைய தந்திரம். எண் உண்மையானது என்பதால் அது யாரையும் காக்காது.

பூட்டும் காப்புநகலும்

கைபேசியைக் கைரேகையால் திறக்கும் வசதியை இத்தகைய பணியின்போது நீக்கிவிடுவது வழக்கம். 1961இல் காத்தி காலு ஒகாட் வழக்கில், கைரேகை தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கடவுச்சொல்லைச் சொல்ல வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபோல் சொல்லவில்லை. நான்கு இலக்க எண்ணைவிட எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சொல் நல்லது. கைபேசியை முற்றிலும் அணைப்பதும் பயன் தரும்: அணைத்து மீண்டும் இயக்கி, முதல் முறை கடவுச்சொல் இடும்வரை உள்ளிருக்கும் தரவின் திறவுகோல் நினைவகத்தில் இருப்பதில்லை. வெறுமனே திரை பூட்டிய கைபேசியைத் தடயவியல் கருவிகள் திறப்பது அதைவிட எளிது.

மறக்கப்படுவது காப்புநகல். வாட்ஸ்அப் உரையாடல் மறையாக்கத்துடன் செல்கிறது. ஆனால் கூகுள் கணக்கில் சேரும் அதன் காப்புநகலுக்கு அந்த மறையாக்கத்தைத் தனியே இயக்க வேண்டும். அதுபோல Linked devices என்ற பகுதியை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். அலுவலகக் கணினியில் திறந்த இணைப்பு அங்கே இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.

கைப்பற்றும்போதும் திரும்பும்போதும்

கருவி கைப்பற்றப்பட்டால் மகஜரின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் கருவியின் ஐஎம்இஐ எண்ணும், நகல் எடுத்தால் அதன் ஹாஷ் மதிப்பும் இருக்கும்படி வழக்கறிஞர் வலியுறுத்தலாம். ஹாஷ் என்பது தரவின் விரல்ரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். பின்னாளில் ஏதேனும் சேர்க்கப்பட்டதா என்று அறிய அது உதவும். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவும் கூறுகிறது.

திரும்பி வந்த கைபேசியில் மூலங்களுடன் மீண்டும் பேசக் கூடாது. வழக்கு முடியும்வரை அதை அழிக்காமல் அணைத்து வைத்து, வேறு கருவிக்கு மாறுவதே நிருபர்களின் நடைமுறை. எழுத்தருக்கு விஷயத்தைத் தெரிவிப்பதும் உண்டு. அது அந்தக் கைபேசியிலிருந்தோ அவருடைய அலுவலக எண்ணுக்கோ ஆகாது.