கணக்குப் போடாமல் ஒரு விடை

12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு? 1, 2, 19, 21 என நான்கு விடைகள். 1978-இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது. இரண்டு பின்னங்களுமே ஒன்றைவிடச் சற்றுக் குறைவு, ஆகவே விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். 19 தொகுதிகளின் கூட்டல், 21 பகுதிகளின் கூட்டல். தவறான விடையே மாணவர் எங்கே சறுக்கினார் என்று காட்டிவிடுகிறது.

‘48 × 19-ஐத் தோராயமாகக் காண்க’ என்பது சோம்பலான கேள்வி. 912 என்று பெருக்கிவிட்டு, 900 என்று எழுதிவிடுவார்கள். 50 × 20 என யோசித்தவர் 1000 என்றல்லவா எழுதுவார்! ‘பெருக்காமல் சொல், 48 × 19 என்பது 1000-க்கு மேலா, கீழா? ஏன்?’ என்று கேட்டால் கால்குலேட்டர் ‘ஏன்’ சொல்லாது.