யார் வருவார், எந்த பேட்ச்?

ஜனவரி பிறந்தால் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். பதிவு எண், பாடம், தேதி, நேரம், பேட்ச். மாணவர்கள் தங்கள் எண்ணைத் தேடிக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் பேட்ச் கிடைத்தவர் சலித்துக்கொள்வார், கடைசி பேட்ச் கிடைத்தவர் படிக்க நேரம் கிடைத்தது என்று மகிழ்வார். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, ஆய்வகத்துக்குள் வரப்போகும் அந்நிய ஆசிரியரை யார் அனுப்புகிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் நூற்றுக்கு 30 மதிப்பெண் அந்த மூன்று மணி நேரத்தையும், அதற்குத் துணையான ரெக்கார்டு, புராஜெக்ட், வைவாவையும் நம்பி இருக்கிறது. எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும், செய்முறையில் தனியாக 33 சதவீதம் எடுத்தாக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் வெளியாள் யாரும் வருவதில்லை; பள்ளி ஆசிரியரே மதிப்பிட்டு முடித்துவிடுகிறார். பன்னிரண்டாம் வகுப்பில் இருவர் இருப்பார்கள். பாடம் நடத்திய ஆசிரியர் அகத்தேர்வாளர். வேறொரு பள்ளியிலிருந்து வருபவர் புறத்தேர்வாளர். இவரைப் பள்ளி தேர்ந்தெடுக்க முடியாது, வாரியம்தான் நியமிக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர்களின் பெயர், பாடம், தகுதி, அனுபவம் ஆகியவற்றை வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறது. புறத்தேர்வாளர்கள் இப்படிப் பதிவான ஆசிரியர்களிலிருந்தே வருகிறார்கள். நியமனம் வந்த பிறகு, வாரியம் கொடுத்திருக்கும் கால எல்லைக்குள் எந்தெந்த நாள் என்பதைப் பள்ளியும் அவரும் பேசி முடிவு செய்கிறார்கள். 2025-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அந்த எல்லை ஜனவரி 1 முதல் பிப்ரவரி 14 வரை. பனியால் ஜனவரியில் மூடிக் கிடக்கும் மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும் 2024 நவம்பர் 5 முதல் டிசம்பர் 5 வரை என்று முன்கூட்டியே நாள் ஒதுக்கப்பட்டது.

நியமிக்கப்பட்டவருக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது, அல்லது அவருடைய பள்ளி விடுவிக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பள்ளியில் தெரிந்த ஆசிரியர் இருக்கிறார், ஒரு போன் போட்டால் வந்துவிடுவார். இதைத்தான் வாரியம் தடுக்கிறது. பள்ளி தானாக மாற்று ஏற்பாடு செய்யக் கூடாது. மண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்து, அங்கிருந்து வேறொருவரைப் பெற வேண்டும். நடைமுறையை மீறி நடத்திய தேர்வை ரத்து செய்யும் உரிமை வாரியத்துக்கு உண்டு. இந்தக் கண்டிப்பு அவசியம். "நீங்கள் எங்கள் பிள்ளைகளைப் பாருங்கள், நான் உங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்ற பரிமாற்றம் இரண்டு பள்ளிகளுக்குள் தொடங்கிவிட்டால், புறத்தேர்வாளர் என்ற பதவியே வெறும் கையெழுத்தாகிவிடும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கால எல்லை இன்னும் இறுக்கமானது. 2025-இல் பிளஸ் 2 செய்முறைத் தேர்வு பிப்ரவரி 7 முதல் 14 வரை நடந்தது. ஒன்றரை மாதத்தில் விரித்துக்கொள்ளக் கூடியதை ஒரு வாரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால், ஒரே நேரத்தில் ஏராளமான ஆசிரியர்கள் இடம் மாறிப் போக வேண்டியிருக்கிறது.

தேர்வாளர் யார் என்பது முடிவானதும் பேட்ச் பிரிக்கும் வேலை. ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று அமர்வுகளாக நடத்தலாம் என்கிறது சி.பி.எஸ்.இ. ஆனால் தேர்வு மூன்று மணி நேரம். காலை 9.30 முதல் 12.30, பிற்பகல் 1.30 முதல் 4.30 என்று இரண்டு அமர்வு வைத்தாலே பொழுது முடிந்துவிடும். நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் லேப் அசிஸ்டென்ட் முப்பது மேசைகளையும் துடைத்து, பியூரெட்களைக் கழுவி, உப்புகளை மாற்றி வைக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் அறிவியல் பிரிவில் 112 பேர். எல்லோருக்கும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. 68 பேர் உயிரியல், 44 பேர் கணினி அறிவியல். பிரிவு வாரியாகப் பிரிப்பதுதான் முதலில் தோன்றும் வழி: உயிரியல்காரர்கள் 23, 23, 22 என மூன்று பேட்ச், கணினிக்காரர்கள் 22, 22 என இரண்டு பேட்ச். மொத்தம் ஐந்து. ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு என்றால் வேதியியலுக்கு மூன்று நாள் வேண்டும். மூன்றாம் நாள் அரை நாள் வேலைக்காகப் புறத்தேர்வாளர் மறுபடியும் பயணம் செய்து வர வேண்டும்.

பிரிவைப் பார்க்காமல் பதிவு எண் வரிசையில் 28 பேர் வீதம் பிரித்தால் நான்கே பேட்ச், இரண்டே நாள். அதோடு இயற்பியலையும் அதே இரண்டு நாளில் முடிக்கலாம். முதல் நாள் வேதியியல் ஆய்வகத்தில் காலை முதல் பேட்ச், பிற்பகல் இரண்டாம் பேட்ச். அதே நேரங்களில் இயற்பியல் ஆய்வகத்தில் மூன்றும் நான்கும். மறுநாள் இடம் மாறிக்கொள்ளும். எந்த மாணவருக்கும் ஒரே நாளில் இரண்டு தேர்வு வராது. உயிரியலும் கணினியும் வேறு நாட்களில் தனிப் பட்டியலாகப் போகும். இதில் மாணவருக்கு இழப்பு ஒன்றுதான்: இரண்டு பெரிய செய்முறைகளும் அடுத்தடுத்த நாளில் வந்துவிடுகின்றன. தேர்வாளரின் வசதிக்கும் பிள்ளைகளின் மூச்சுக்கும் நடுவே பள்ளி இங்கே ஒரு முடிவெடுக்கிறது. மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு பாடங்களையும் தனித்தனியே வைக்க ஜனவரியில் இடமிருக்கும் பள்ளி, அப்படி வைப்பதே நல்லது.

காகிதத்தில் 28 என்று எழுதிவிடலாம். ஆய்வகம் அதை ஏற்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடை போடும் தராசு. சி.பி.எஸ்.இ. வேதியியலில் தரம்பார்த்தலுக்கான திட்டக் கரைசலை மாணவரே எடை போட்டுத் தயாரிக்க வேண்டும். உதாரணமாக, மோர் உப்பில் 1.96 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டருக்குக் கரைத்தால் 0.05 மோலார் கரைசல் கிடைக்கும். தராசு நான்கு, ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் கடைசி ஆள் எடை போட்டு முடிக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் பேட்சை மேலும் இரண்டாகப் பிரிப்பார்கள். பாதிப் பேர் உப்புப் பகுப்பாய்வில் தொடங்குவார்கள், பாதிப் பேர் தரம்பார்த்தலில். பிறகு மாறிக்கொள்வார்கள். தராசு முன்னால் வரிசை நீண்டு, பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் இந்தப் பிரிப்பு நடக்கவில்லை என்று பொருள்.

அடுத்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட். அந்த ஊதாக் கரைசலைப் பள்ளி தயாரித்துக் கொடுக்கிறது. அதன் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் மாணவரின் வேலை. பியூரெட்டைக் கழுவ, நிரப்ப, ஒத்த அளவீடு கிடைக்கும்வரை மூன்று நான்கு முறை செய்ய, ஆளுக்கு 150 மில்லிலிட்டராவது வேண்டும். 112 பேருக்கு ஏறத்தாழ 17 லிட்டர். எல்லோருக்கும் ஒரே கரைசல் என்றால் சமம்தானே என்று தோன்றும். ஆனால் பெர்மாங்கனேட் அப்படியே இருக்கும் பொருளல்ல. வெளிச்சம் பட்டாலும், தண்ணீரில் சிறிதளவு கரிமப் பொருள் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாகப் படியும். முதல் நாள் காலையில் 0.01 மோலாராக இருந்த கரைசலில், மேலே சொன்ன மோர் உப்புக் கரைசல் 20 மில்லிலிட்டருக்கு 20.0 மில்லிலிட்டர் செலவாகும். இரண்டாம் நாள் பிற்பகலில் அது இரண்டு சதவீதம் வலுவிழந்திருந்தால் 20.4 செலவாகும். முதல் நாள் குறித்த 20.0-ஐயே சரியான விடையாக வைத்துத் திருத்தினால், நான்காம் பேட்சில் மிகக் கவனமாகச் செய்த மாணவர்தான் முதலில் மதிப்பெண் இழப்பார்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன் தேர்வாளரே ஒரு முறை தரம்பார்த்து, அந்த பேட்சுக்கான அளவீட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டாலும் பிறகு கண்டுபிடித்துவிடலாம்: விடைகள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறியிருந்தால் தவறு மாணவர்களுடையது, பேட்ச் முழுக்க ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவுக்கு விலகியிருந்தால் தவறு பாட்டிலில் இருக்கிறது. ஒரு பேட்சின் விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேர்வாளருக்கு இது கண்ணில் படும். ஒவ்வொன்றாகத் திருத்தி மூடிவைப்பவருக்குப் படாது.

உப்பில் வேறு சிக்கல். காலை பேட்சில் ஒருவருக்குக் காப்பர் உப்பும் இன்னொருவருக்கு ஜிங்க் உப்பும் போனால் சமமாகிவிடாது. நீல நிறத்தைப் பார்த்ததுமே காப்பரைச் சந்தேகித்துவிடலாம், வெள்ளைத் தூளில் எதையும் ஊகிக்க முடியாது. அதோடு, காலையில் என்னென்ன உப்பு வந்தன என்ற செய்தி சாப்பாட்டு நேரத்துக்குள் பிற்பகல் பேட்சுக்குப் போய்விடும். ஆகவே நல்ல தேர்வாளர் உப்புகளை வெறும் எண்ணிட்டு, எந்தப் பதிவு எண்ணுக்கு எது என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பிற்பகலுக்கு வரிசையை மாற்றிவிடுவார். காலை பேட்ச் வெளியே வருவதற்குள் பிற்பகல் பேட்சை வேறு அறையில் உட்கார வைக்கும் பள்ளிகளும் உண்டு.

தேர்வு நடந்ததற்குச் சாட்சியும் வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு ஒவ்வொரு பேட்சையும் ஆய்வகத்தில் நிறுத்தி, அகத்தேர்வாளரும் புறத்தேர்வாளரும் பார்வையாளரும் உடனிருக்க, முகங்கள் தெளிவாகத் தெரியும் குழுப்படம் எடுத்து, தேதி, நேரம், இடக் குறிப்புடன் செயலியில் ஏற்றச் சொன்னது சி.பி.எஸ்.இ. வராத தேர்வாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கிவிடுவது இதனால் கடினமாகிறது.

மதிப்பெண்ணும் அன்றன்றே ஏற்றப்படுகிறது. ஏற்றிய பிறகு திருத்த முடியாது. 27-க்குப் பதில் 21 என்று விரல் தவறினால் அப்படியே நிற்கும். நாள் முழுக்க நின்று களைத்த இருவர் மாலை ஆறு மணிக்கு 56 பேருடைய எண்களை உள்ளிடுகிறார்கள் என்பதையும் பேட்ச் பிரிக்கும்போதே யோசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் தட்டி, மறுபடி முதலிலிருந்து வாசித்துச் சரிபார்த்தபின் முடிப்பதுதான் பாதுகாப்பு.

தேர்வு நாளில் உடல்நிலை சரியில்லாமல் போன பிள்ளையின் பெற்றோர் அன்று காலையிலேயே பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும். 'வரவில்லை' என்று பதிவாவதும், 'வேறு நாளுக்கு மாற்றப்பட்டது' என்று பதிவாவதும் வேறு வேறு. இரண்டாவது பதிவு இருந்தால், வாரியத்தின் கால எல்லை முடிவதற்குள் இன்னொரு நாளில் அந்த மாணவர் தேர்வெழுதலாம்.